அட்டையில் விடுபட்ட 'டி': காங்கேயம் பக்கத்து விவசாயி ஒருவரின் புரோஸ்டேட் கதை

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையே தென்னையும் மாடும் வைத்திருக்கும் 67 வயது விவசாயி ஒருவர், ஒரு மார்கழி மாதம் மகனோடு என்னிடம் வந்தார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதிக்கொள்ளச் சம்மதம் தந்திருக்கிறார். இங்கே அவரைப் பெரியவர் என்றே சொல்கிறேன்.

வந்ததற்குக் காரணம் மகன்தான். "ராத்திரி நாலு தடவ, அஞ்சு தடவ எந்திரிக்கறாருங்க. கேட்டா மோட்டார் போடப் போறேன்னு சொல்றாரு. கரண்ட் இல்லாத நேரத்துலயும் எந்திரிக்கறாருங்க" என்றார். பெரியவர் மறுக்கவில்லை. மும்முனை மின்சாரம் ராத்திரியில் வரும் நாள்களில் தோட்டத்துக்காரர் எழுவது வழக்கம்தான். அந்தப் பழக்கத்துக்குள்ளேயே நோய் மூன்று வருடமாக ஒளிந்திருந்தது. நீர் பிரிய ஆரம்பிக்க ஒரு நிமிடம் நிற்க வேண்டியிருக்கிறது, வருவதும் விட்டு விட்டு வருகிறது, முடிந்த பிறகும் மிச்சம் இருப்பது போலவே இருக்கிறது என்று கேட்கக் கேட்கச் சொன்னார்.

சிறுநீர்த் தொந்தரவை அளக்க ஏழு கேள்விகளுக்கு மதிப்பெண் போடும் ஐ.பி.எஸ்.எஸ். படிவத்தை நிரப்பினோம். 35-க்கு 21 வந்தது. 20-ஓ அதற்கு மேலோ போனால் கடுமை என்று கணக்கு. விரலால் ஆசனவாய் வழியே சோதித்தபோது புரோஸ்டேட் சுரப்பி பெரிதாக, வழவழப்பாக இருந்தது. கட்டியோ கல் போன்ற இடமோ தட்டுப்படவில்லை. ஸ்கேனில் புரோஸ்டேட் 58 மி.லி. இளம் வயதில் இது 20-க்குப் பக்கத்தில் இருக்கும். நீர் வேகம் பார்க்கும் கருவியில் அதிகபட்ச வேகம் நொடிக்கு 8 மி.லி.; போன பிறகு பையில் 90 மி.லி. மிச்சம். சிறுநீரில் கிருமி இல்லை, சர்க்கரை இல்லை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் சரி. இரத்தத்தில் பி.எஸ்.ஏ. 3.6. புரோஸ்டேட் சுரக்கும் புரதம் இது; ஏறினால் புற்றுநோய் இருக்குமோ என்று தேடுவோம்.

இந்த 3.6 என்ற எண்ணை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் எல்லாமே இதைச் சுற்றித்தான் நடந்தது.

மாத்திரை எழுதும் முன் மூன்று நாள் கணக்கு ஒன்று கேட்டேன். எப்போது, எவ்வளவு போகிறது என்று அளவு ஜாடியில் பிடித்து நோட்டில் எழுதச் சொன்னேன். மருமகள் ஒழுங்காக எழுதி அனுப்பினார். நாளொன்றுக்குச் சராசரி 1,700 மி.லி., அதில் ராத்திரிப் பங்கு 550. மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியிருந்தால் கோளாறு புரோஸ்டேட்டில் மட்டும் இல்லை, ராத்திரியில் சிறுநீரே அதிகம் சுரக்கிறது என்று பொருள். அப்போது எந்தப் புரோஸ்டேட் மருந்து கொடுத்தாலும் தூக்கம் முழுதாகத் திரும்பாது. இவர் எல்லைக்கோட்டில் இருந்தார். சோற்றோடு ஒரு சொம்பு தண்ணீரை ஒன்பது மணிக்குக் குடிக்கும் பழக்கத்தை ஏழு மணிக்கு நகர்த்தச் சொன்னேன்.

ஒரே அடைப்பு, இரண்டு காரணங்கள்

புரோஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பையின் கழுத்துக்குக் கீழே, நீர்க்குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறது. அது குழாயை அடைப்பது இரண்டு விதமாக. முதலாவது, சதை கூடிப் பருத்து உள்பக்கம் தள்ளுவது. இரண்டாவது, சுரப்பியின் இழைகளிலும் பையின் கழுத்திலும் இருக்கும் மெல்லிய தசைகள் இறுகிப் பிடிப்பது. அந்தத் தசையை இறுக்குவது நரம்புகள் விடும் நார்அட்ரினலின். அது வந்து பற்றிக்கொள்ளும் இடங்களுக்கு ஆல்பா ஏற்பிகள் என்று பெயர்.

டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சிலோடோசின் போன்ற ஆல்பா தடுப்பு மருந்துகள் அந்த ஏற்பிகளில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. இறுக்கம் தளர்கிறது. சுரப்பி ஒரு கிராம்கூடக் குறையாது. வழி மட்டும் விடும். அதனால்தான் பலன் சில நாள்களிலேயே தெரிகிறது.

ஃபினாஸ்டிரைடு, டுடாஸ்டிரைடு ஆகிய இரண்டும் தொடுவது வேறு இடத்தை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை, 5-ஆல்பா ரிடக்டேஸ் என்ற நொதி டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற வீரியம் கூடிய வடிவமாக மாற்றுகிறது. புரோஸ்டேட் வளர்வது அந்த வடிவத்தைத் தின்றுதான். நொதியைத் தடுத்தால் தீனி நின்று, சுரப்பு செல்கள் மெல்லச் சுருங்குகின்றன. இந்த நொதியில் இரண்டு வகை உண்டு. ஃபினாஸ்டிரைடு ஒரு வகையை மட்டும் தடுப்பதால் இரத்தத்தில் டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் சுமார் 70 சதவீதம் குறைகிறது. டுடாஸ்டிரைடு இரண்டையும் தடுப்பதால் 90-க்கு மேல் குறைகிறது. ஆனால் நோயாளி உணரும் நிவாரணத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசத்தை நான் கண்டதில்லை.

இந்த மருந்து பிறந்த கதையை இங்கே சொல்லியாக வேண்டும். டொமினிகன் குடியரசில் ஒரு கிராமத்துக் குடும்பங்களில், பிறக்கும்போது பெண் போலத் தோன்றி, பருவ வயதில் ஆணாக மாறும் பிள்ளைகள் இருந்தார்கள். இவர்களுக்கு அந்த நொதி பிறவியிலேயே குறைவு என்று ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி குழுவினர் 1974-இல் எழுதினார்கள். வளர்ந்த பிறகும் இவர்களுடைய புரோஸ்டேட் மிகச் சிறியதாகவே இருந்தது. நொதியை மருந்தால் தடுத்தால் பெருத்த சுரப்பியும் சுருங்குமே என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. 1992-இல் ஃபினாஸ்டிரைடு அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

பெரியவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. ஒன்று பிடியைத் தளர்த்தும், இன்னொன்று சதையைக் குறைக்கும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பைப்புக்குள்ள தென்ன வேரு பூந்துக்கிட்டா ரெண்டு வேல இருக்குதுங்க. வால்வ முழுசாத் தொறந்து விட்டா அன்னைக்குத் தண்ணி பாயும். வேரு வேருபாட்டுக்கு வளந்துட்டேதான் இருக்கும்." நான் வகுப்பில் மாணவர்களுக்குச் சொல்லும் விளக்கத்தைவிட இது நேராக இருந்தது.

முதல் மாதம்

58 மி.லி. சுரப்பியும் 3.6 பி.எஸ்.ஏ.வும் உள்ளவருக்கு இரண்டு மருந்துகளையும் முதல் நாளே தொடங்கலாம், தவறில்லை. நான் டாம்சுலோசின் 0.4 மி.கி.யை மட்டும் தொடங்கினேன். அவர் ஏற்கெனவே இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. சாப்பிடுகிறவர். தலைசுற்றல் வந்தால் எதனால் வந்தது என்று தெரிய வேண்டும். ராத்திரி கிணற்று மேட்டில் நிற்கும் மனிதருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

நான்காம் நாள் மகன் போன் செய்தார். நீர் தடையில்லாமல் வருகிறதாம், ராத்திரி இரண்டு தடவைதான் எழுந்தாராம். இரண்டு வாரத்தில் நேரில் பார்த்தபோது மதிப்பெண் 21-லிருந்து 14 ஆகியிருந்தது. வேகம் 11, மிச்சம் 50. ஆல்பா தடுப்பு மருந்தில் இவ்வளவு எதிர்பார்க்கலாம். இதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது.

மூன்றாம் வாரம் பிரச்சினை வந்தது. சஷ்டி விரதம். சிவன்மலைக்குப் போய்விட்டு வந்து, ராத்திரிக்கு மோர் மட்டும் குடித்துவிட்டு மாத்திரையைப் போட்டிருக்கிறார். விடியக்காலை மூன்று மணிக்கு எழுந்தவர், தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "கண்ணு இருட்டிக்கிட்டு வந்துருச்சுங்க" என்றார். மறுநாள் காலை உட்கார்ந்த நிலையில் அழுத்தம் 132/80, எழுந்து மூன்று நிமிடம் நின்ற பிறகு 108/70. மேல் எண் 20-ஓ அதற்கு மேலோ இறங்கினால் நிற்கும்போது அழுத்தம் விழுகிறது என்று எடுத்துக்கொள்கிறோம்.

ஆல்பா ஏற்பிகள் இரத்தக் குழாய்களிலும் உண்டு. டாம்சுலோசின் பெரும்பாலும் புரோஸ்டேட்டில் உள்ள வகையைத்தான் பிடிக்கிறது என்றாலும், வெறும் வயிற்றில் போட்டால் இரத்தத்தில் அதன் உச்ச அளவு 40 முதல் 70 சதவீதம் வரை கூடிவிடும். தினமும் ஒரே வேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரத்துக்குப் பிறகு என்று அட்டையில் அச்சிட்டிருப்பது இதற்காகத்தான். அம்லோடிபினைக் காலைக்கு மாற்றினேன். விரத நாளில் மோரோடு இரண்டு இட்லியாவது வேண்டும், அது முடியாது என்றால் அன்றைக்கு மாத்திரை வேண்டாம் என்று சொன்னேன். படுக்கையிலிருந்து எழும்போது இரண்டு நிமிடம் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டு எழச் சொன்னேன். அதற்குப் பிறகு இருட்டல் வரவில்லை.

மகனை வெளியே அனுப்பிவிட்டு இன்னொன்றும் கேட்டேன். உறவின்போது விந்து வெளியே வருவது குறையலாம், சிலருக்கு வராமலே போகலாம். இந்த வகை மருந்தில் அது எதிர்பார்த்ததே. உடம்புக்குக் கெடுதல் இல்லை. நிறுத்தினால் திரும்பிவிடும். பெரியவர் முதலில், "அதெல்லாம் இனி எதுக்குங்க" என்றார். கதவு வரை போய்விட்டுத் திரும்பி வந்து, "அப்படித்தான் ஆச்சுங்க, பயந்துட்டேன்" என்றார். வயதானவர்களிடம் இதைக் கேட்காமல் விடுகிற மருத்துவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. கேட்டிருந்தால் ஒரு மாதப் பயம் மிச்சமாகியிருக்கும் என்று சொல்லக்கூடிய நோயாளிகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

மெதுவாக வேலை செய்யும் மருந்து

முதல் மாதம் முடிந்ததும் டுடாஸ்டிரைடு 0.5 மி.கி.யைச் சேர்த்தேன். இரண்டும் ஒரே மாத்திரையாகக் கடையில் கிடைக்கிறது. பல கம்பெனிகள் டாம்சுலோசின் மட்டும் உள்ளதற்கு ஒரு பெயரும், கூட்டு மருந்துக்கு அதே பெயரின் பின்னால் 'டி' என்ற எழுத்தும் வைக்கின்றன.

நன்றாகத்தானே இருக்கிறார், எதற்கு இன்னொன்று என்று மகன் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆல்பா தடுப்பு இன்றைய வேதனையைக் குறைக்கிறது. சுரப்பி வளர்ந்துகொண்டே போய் ஒரு நாள் நீர் முழுதாக அடைத்துக்கொள்வதையும், அறுவை சிகிச்சைக்குப் போக நேர்வதையும் அது நெடுங்காலத்துக்குத் தடுப்பதில்லை. 1998-இல் வெளிவந்த நான்கு வருட ஆய்வில் சுமார் 3,000 பேரைப் பார்த்தார்கள். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 7 சதவீதம் பேருக்குத் திடீர் அடைப்பு வந்தது. ஃபினாஸ்டிரைடு சாப்பிட்டவர்களில் 3 சதவீதம். அறுவை சிகிச்சைக்குப் போனவர்கள் 10 சதவீதத்திலிருந்து 5 ஆனார்கள். இந்தப் பலன் பெரிய சுரப்பி உள்ளவர்களுக்குத்தான். 25 மி.லி. சுரப்பி உள்ளவருக்கு இந்த மாத்திரையை எழுதினால் காசும் போகும், சிலருக்கு உறவில் ஆசையும் குறையும்.

ஆறு மாதம் எதுவும் தெரியாது என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். ஆனாலும் மூன்றாம் மாதம் வந்து, "ஒரு மாத்தமும் தெரியலீங்களே. வெலையும் கூட இருக்குதுங்க" என்றார். மதிப்பெண் 13. டாம்சுலோசின் மட்டும் சாப்பிட்டபோது இருந்ததைவிட ஒன்றுதான் குறைவு. பொறுக்கச் சொன்னேன்.

இதற்கிடையே மகன் பேச்சோடு பேச்சாக, அப்பாவுக்கு மாத்திரை எடுத்துத் தருவது தன் மனைவிதான், அவர் ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறார் என்றார். மருமகள் மாத்திரையைத் தொடுவதை உடனே நிறுத்தச் சொன்னேன். டுடாஸ்டிரைடு மாத்திரை உள்ளே எண்ணெய் உள்ள மென்கூடு. கசிந்தால் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும். வயிற்றில் ஆண் குழந்தையாக இருந்தால் பிறப்புறுப்பு உருவாவதற்கு அந்த டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் வேண்டும். டொமினிகன் கிராமத்தில் பிறவிக் குறையாக நடந்தது, இங்கே மாத்திரையால் நடக்கக் கூடாது. முழு மாத்திரையைத் தொட்டதாலேயே ஆபத்து என்று பயப்பட வேண்டாம், ஆனால் இனிமேல் பெரியவரே எடுத்துக்கொள்ளட்டும் என்றேன். பெரியவர் இரத்த தானமும் செய்யக் கூடாது. மருந்தை நிறுத்தி ஆறு மாதம் கழியும் வரை.

ஆறாம் மாதம் ஸ்கேனில் சுரப்பி 45 மி.லி. கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சுருங்கியிருந்தது. மதிப்பெண் 9, வேகம் 12.5, மிச்சம் 30. ராத்திரி ஒரு தடவை. பி.எஸ்.ஏ. 1.8, சரியாகப் பாதி.

இந்தப் பாதியைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பி.எஸ்.ஏ.வைச் சுரப்பதே அந்தச் சுரப்பு செல்கள்தான். அவை சுருங்கினால் அதுவும் பாதியாகும். புற்று அபாயம் பாதியானதாக அதற்குப் பொருள் இல்லை. எனவே ஆறு மாதத்துக்கு மேல் இந்த மருந்தில் இருப்பவரின் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். 1.8-ஐ 3.6 என்று படிக்கிறோம், பழைய அளவுதான். டாம்சுலோசினுக்கு இந்தக் கணக்கு கிடையாது, அது பி.எஸ்.ஏ.வைத் தொடுவதில்லை. முடி கொட்டாமல் இருக்க இளைஞர்கள் சாப்பிடும் 1 மி.கி. ஃபினாஸ்டிரைடும் இதே வேலையைச் செய்யும்; அதைச் சாப்பிடுகிறாரா என்று ஆய்வகம் கேட்பதில்லை, சாப்பிடுகிறவரும் சொல்வதில்லை.

3.1

அடுத்த ஆறு மாதம் கழித்து மகன் ஆய்வக முடிவை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூடவே, "நார்மல்னு போட்டிருக்குதுங்க. அப்பா வரோணுமா?" என்று கேட்டிருந்தார். பி.எஸ்.ஏ. 3.1. பக்கத்தில் இயல்பு அளவு 4 வரை என்று அச்சாகியிருந்தது.

வரச் சொன்னேன். இந்த மருந்தில் இருப்பவருக்கு 3.1 என்றால் 6.2. அதைவிட முக்கியம், இறங்கி நின்ற எண் மறுபடி ஏறியிருக்கிறது. டுடாஸ்டிரைடு ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்குத் தாழ்ந்த அளவிலிருந்து ஏற்றம் என்றால், அது 4-க்குள் இருந்தாலும் காரணம் கண்டுபிடித்தாக வேண்டும். புற்றுநோயைக் காட்டும் முதல் அடையாளமாக இது இருக்கலாம்.

பெரியவருக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. மதிப்பெண் 10, போன முறையைவிட ஒன்றுதான் அதிகம். விரல் சோதனையில் வழவழப்பு மாறவில்லை. சிறுநீரில் கிருமி இல்லை. கிருமி இருந்தாலும் இந்த எண் ஏறும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன், அதன் பிறகு சதைப் பரிசோதனை என்று மனதில் வரிசை ஓடியது. எழுதுவதற்கு முன் ஒன்று கேட்டேன்: "ஏனுங்கய்யா, மாத்திரை அட்டை இருக்குதுங்களா?"

மஞ்சப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதே கம்பெனி, அதே நிற அட்டை, அதே பெயர். பின்னால் 'டி' இல்லை.

ஐந்து மாதத்துக்கு முன்னால் வழக்கமான கடையில் சரக்கு இல்லை என்று வேறொரு கடையில் பெயரை மட்டும் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு காலி அட்டையைக் காட்டியே வாங்கியதால் தவறும் அப்படியே தொடர்ந்தது. விலை குறைந்ததைக் கம்பெனி குறைத்துவிட்டதாக நினைத்திருக்கிறார்கள்.

அவருக்கு எதுவும் தெரியவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. டாம்சுலோசினை நிறுத்தியிருந்தால் ஒரு வாரத்துக்குள் நீர் தடுமாறியிருக்கும், போன் வந்திருக்கும். டுடாஸ்டிரைடு நின்றால் எந்த உணர்வும் வராது. அது உடம்பிலிருந்து பாதி இறங்கவே சுமார் ஐந்து வாரம் ஆகும். வழியைத் திறந்து பிடிக்க டாம்சுலோசின் இருந்ததால், சுரப்பி மறுபடி ஊறியதை நீர்ப்பை சொல்லவில்லை, இரத்தம்தான் சொன்னது. அன்றைக்கே ஸ்கேன் செய்தோம்: 45 இருந்தது 51 ஆகியிருந்தது.

மருந்து இல்லாத ஐந்து மாதத்துக்குப் பிறகு வந்த 3.1-ஐ இரண்டால் பெருக்க வேண்டியதில்லை. தொடக்கத்தில் இருந்த 3.6-க்கு இன்னும் கீழேதான் இருந்தது. சதைப் பரிசோதனையைத் தள்ளிவைத்தேன், கைவிடவில்லை. சரியான மாத்திரையை மறுபடி தொடங்கி, எண் இறங்குகிறதா என்று பார்ப்பது என்றும், இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ எம்.ஆர்.ஐ. என்றும் மகனிடம் எழுத்தில் கொடுத்தேன். மூன்றாம் மாதம் 2.4. ஆறாம் மாதம் 1.9. இரண்டால் பெருக்கினால் 3.8, அந்த வித்தியாசம் ஆய்வகத்துக்கு ஆய்வகம், நாளுக்கு நாள் வருவதுதான். சுரப்பி 46.

இப்போது அவருடைய நோட்டின் அட்டையில் சிவப்பு மையில் மூன்று வரி இருக்கிறது. மருந்துக்கு முந்தைய பி.எஸ்.ஏ. 3.6. டுடாஸ்டிரைடு தொடங்கிய தேதி. மாத்திரையில் இருக்க வேண்டிய இரண்டு மருந்துகளின் பெயர், கம்பெனிப் பெயர் இல்லாமல். வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் இதைக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் வந்தவர், கோயம்புத்தூரில் கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருப்பதாகச் சொன்னார். நோட்டில் நான்காவது வரி ஒன்று சேர்த்தேன், கண் மருத்துவருக்கு: டாம்சுலோசின் ஒன்றரை வருடத்துக்கும் மேலாகச் சாப்பிடுகிறார். இந்த மருந்தால் பாவையைச் சுற்றியுள்ள கருவிழிப் படலம் தொய்ந்து, அறுவையின்போது பாவை சுருங்கிக்கொள்ளலாம். ஒரு வாரம் முன்னால் நிறுத்துவதால் அது சரியாகிவிடாது. முன்பே தெரிந்தால் அறுவை செய்கிறவர் அதற்குத் தக்கபடி தயாராவார். "மாத்தரைய நிறுத்தோணுமுங்களா?" என்று கேட்டார். வேண்டாம், நோட்டை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள் என்றேன்.